தலையை மாற்றும்போது மாலையும் நகையும் இடித்தால்: கழுத்துப் பகுதியைச் சரிசெய்வது எப்படி

கல்யாணக் குழுப் படத்தில் எல்லோரும் அழகாக நிற்க, மணப்பெண் மட்டும் கண்ணை மூடியிருப்பார். அடுத்த ஷாட்டில் கண் திறந்திருக்கும், ஆனால் மாலை ஒரு பக்கம் சரிந்திருக்கும். அந்தத் தலையை இந்த உடம்பில் வைக்க வேண்டும். மாலை தாடை வரை ஏறியிருந்தால் வழக்கமான முறை இங்கே உதவாது. போட்டோஷாப்பில் நான் செய்யும் முறை இது. லேயர், மாஸ்க் இரண்டும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மாலையும் நகையும் சரியாக இருக்கும் படம்தான் அடிப்படை. மற்றதிலிருந்து தலையை மட்டும் எடுக்கிறோம். கழுத்தையும் சேர்த்துத் தாராளமாக லாசோவால் சுற்றி எடுத்து அடிப்படைப் படத்தின் மேல் ஒட்டுங்கள். Opacity-ஐ 50% ஆக்கி, `Ctrl+T` கொடுத்து முதலில் கண்களையும் காதுகளையும் பொருத்துங்கள். தாடையைப் பொருத்தப் பார்க்காதீர்கள். தலை கொஞ்சம் குனிந்தாலே தாடை இடம் மாறிவிடும். பிறகு Opacity-ஐ 100%க்குக் கொண்டுவந்து, தலை லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, பின்னணியையும் தோளையும் மறைத்துவிடுங்கள்.

கழுத்தில் மெல்லிய சங்கிலி மட்டும் என்றால் அதை வெட்டி எடுக்கவே வேண்டாம். தாடைக்குக் கீழே இருக்கும் நிழலுக்குள் இணைப்பு வரும்படி மாஸ்க்கை மென்மையான பிரஷால் தேயுங்கள். சங்கிலியும் அதைச் சுற்றிய தோலும் அடிப்படைப் படத்தில் இருந்தபடியே இருந்துவிடும்.

மாலை தாடையைத் தொட்டால்தான் உண்மையான வேலை. அடிப்படைப் படத்திலிருந்து மாலையைத் தேர்ந்தெடுத்து, `Ctrl+J` அடித்து, அந்த நகலைத் தலை லேயருக்கு மேலே கொண்டுபோங்கள். கீழே உடம்பு, நடுவில் தலை, மேலே மாலை. இந்த அடுக்கு சரியானது, ஆனால் இதோடு நிறுத்தினால் படம் பொய்யாகத் தெரியும். ஏனென்றால் மாலை எல்லா இடத்திலும் தாடைக்கு முன்னால் இருப்பதில்லை. இரு பக்கமும் மாலை தாடையோரத்தை மறைக்கும். நடுவில் முகம் குனிந்திருந்தால் தாடைதான் மாலைக்கு முன்னால் வரும். அதனால் மாலை லேயருக்கு மாஸ்க் போட்டு, தாடை நுனி இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பால் தீட்டி, தாடையை வெளியே கொண்டுவாருங்கள். எது முன்னால் என்று சந்தேகம் வந்தால் தலை எடுத்த படத்தைப் பாருங்கள். முகத்தின் சாய்வு அதில்தான் இருக்கிறது.

அடுத்த தொல்லை, பூக்களுக்கு இடையே உள்ள சந்துகள். Select Subject போன்ற தானியங்கிக் கருவிகளை இங்கே நான் தொடுவதில்லை. சந்தில் தெரியும் பழைய தோலையும் மாலையோடு சேர்த்து எடுத்துவிடும், புதுத் தாடைக்கு மேல் அது அழுக்குத் திட்டாகத் தெரியும். வெள்ளைப் பூ என்றால் தலை லேயரைத் தற்காலிகமாக மறைத்துவிட்டு Channels பேனலில் Blue-வைப் பாருங்கள்: தோல் இருட்டாகவும் பூ வெளிச்சமாகவும் இருக்கும். அந்தச் சேனலை நகலெடுத்து, `Ctrl+L` கொண்டு வேறுபாட்டைக் கூட்டி, அதன் சிறுபடத்தை `Ctrl` அழுத்திக் கிளிக் செய்தால் இதழ் இதழாகத் தேர்வு கிடைக்கும். சிவப்பு ரோஜாவுக்கு Green சேனல். அதில் பூதான் இருட்டு, எனவே `Ctrl+I` கொடுத்துத் தலைகீழாக்க வேண்டும். சிறுபடத்தைக் கிளிக் செய்யும் முன்பே, மாலைக்கு வெளியே வரும் தேவையற்ற இடங்களை அந்த நகல் சேனலில் கறுப்பால் அடைத்துவிடுங்கள். தேர்வு கிடைத்ததும் RGB-ஐக் கிளிக் செய்து அடிப்படை லேயருக்குத் திரும்புங்கள். தங்க நகைக்கு இது உதவாது. நீலச் சேனலில் தங்கமும் இருட்டு, தோலும் இருட்டு. அட்டிகையைப் பென் டூலால் பொறுமையாகச் சுற்றுவதுதான் வழி.

இவ்வளவும் செய்த பிறகும் மாலை அட்டையில் வெட்டி ஒட்டியது போல மிதக்கும். தாடையில் விழவேண்டிய மாலையின் நிழல் இல்லாததுதான் காரணம். தலை லேயருக்கு நேர் மேலே ஒரு புது லேயர் போட்டு, `Alt+Ctrl+G` அழுத்தி அதைத் தலையோடு பிணைத்து, Multiply ஆக்குங்கள். நிறத்தைக் கழுத்தின் நிழல் பகுதியிலிருந்தே எடுங்கள். சுத்தக் கறுப்பு வைத்தால் கரி பூசியது போல ஆகும். Flow 10% வைத்து, மாலையின் ஓரத்தை ஒட்டி மெல்லத் தீட்டுங்கள். நிழல் எந்தப் பக்கம் அதிகம் என்பதற்கு மூக்கின் நிழலைப் பாருங்கள்.

சில நேரம் புதுத் தாடை பழையதைவிட மேலே நிற்கும். அப்போது பழைய தாடையின் விளிம்பு கீழே எட்டிப் பார்க்கும். தலையோடு எடுத்த கழுத்துத் தோலை மாஸ்க்கில் கீழே இறக்கி அதை மூடுங்கள். கழுத்தைத் தாராளமாக எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.

பின்சேர்க்கை: ஜிமிக்கி மாலைக்குள் மறைந்துவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஜிமிக்கி புதுத் தலையோடு வருகிறது, மாலை லேயரோ அதற்கும் மேலே இருக்கிறது. அதனால் தலை லேயரிலிருந்து ஜிமிக்கியை மட்டும் பென் டூலால் வெட்டி, `Ctrl+J` கொடுத்து, மாலைக்கு மேலே வையுங்கள். பழைய ஜிமிக்கி மாலையின் மேல் பதிந்திருந்தால், மாலை லேயரில் பக்கத்துப் பூக்களை க்ளோன் ஸ்டாம்பால் எடுத்து அதை மூடுங்கள். ஒரே பூவை இரண்டு முறை வைக்காதீர்கள், கண் உடனே பிடித்துவிடும்.