வாயால் சொன்ன மின்னஞ்சலைத் திருத்துவது எப்படி?

நாம் பேசப் பேசக் கைப்பேசி எழுதித் தந்த மின்னஞ்சல் ஒன்று:

"வணக்கம் நேற்று நீங்கள் கூரிய விளை எங்களுக்குச் சம்மதம் பட்டியலை அனுப்பிவிடுகிறேன் நாளை உங்களை அழைக்கிறேன் பழைய ஒப்பந்தத்தின் நகலை வெள்ளிக்கிழமைக்குள் அழிக்கவும் கூட்டத்துக்கு வருகிறீர்களா என்று சொல்லுங்கள்"

இதில் எழுத்துப்பிழை திருத்தியை நம்பிப் பயனில்லை. கூரிய, விளை, அழி எல்லாமே தமிழில் உள்ள சொற்கள்தான். வந்த இடம்தான் தவறு.

1. முதலில் முற்றுப்புள்ளி

சொற்களில் கை வைக்காதீர்கள். வாக்கியம் பிரியாத வரை எந்தச் சொல் சரி என்று சொல்ல முடியாது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடியும் என்பதால் வேலை எளிது: அழைக்கிறேன், அழிக்கவும், சொல்லுங்கள் ஆகியவற்றின் பின்னால் புள்ளி வையுங்கள். "சம்மதம்" போல வினையில்லாமல் முடியும் வாக்கியங்களும் உண்டு. வாய்விட்டுப் படித்தால் குரல் இறங்கும் இடத்தில் அவை தெரிந்துவிடும். "வருகிறீர்களா" என்பதைக் கண்டதும் கேள்விக்குறி போட்டுவிடாதீர்கள். அடுத்து "என்று" இருக்கிறது, வாக்கியம் இன்னும் ஓடுகிறது.

2. வினைக்குப் பின் தொங்கும் சொல்

பேசும்போது "அனுப்பிவிடுகிறேன், நாளை" என்று நினைவு வந்ததைப் பின்னால் சேர்ப்போம். எழுத்தில் அந்த "நாளை" அடுத்த வாக்கியத்தில் ஒட்டிக்கொள்ளும். நாளை அனுப்புவதா, நாளை அழைப்பதா? அனுப்புவதுதான் என்றால் வினைக்கு முன்னால் நகர்த்துங்கள்: "பட்டியலை நாளை அனுப்பிவிடுகிறேன்."

3. ஒலி ஒன்று, எழுத்து வேறு

இங்கே வாய்விட்டுப் படிப்பது உதவாது. நம்மில் பலர் ல, ள, ழ மூன்றையும் ஒன்றுபோலவே சொல்கிறோம். ர, ற கதையும் அதுதான். தவறான சொல்லும் காதுக்குச் சரியாகவே கேட்கும். எனவே கண்ணால் மட்டும், கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். பொருளின் ஓட்டம் அறுந்துவிடுவதால் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கண்ணில் படும்.

கத்தி என்றால் கூரிய. சொன்னது என்றால் கூறிய. விற்பதற்கு விலை, வயலுக்கு விளை. இவற்றைப் பெறுபவரே சிரித்துக்கொண்டு திருத்திப் படித்துக்கொள்வார். "நகலை அழிக்கவும்" அப்படியல்ல. அது முழுமையான, நம்பத்தகுந்த கட்டளை. நீங்கள் கேட்டது "அளிக்கவும்" என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அவர் நகலைக் கிழித்துப் போட்டுவிடுவார். இத்தகைய இடங்களில் நான் சொல்லையே மாற்றிவிடுவேன்: "கொடுக்கவும்" என்றால் குழப்பத்துக்கு இடமில்லை.

பணி/பனி, அறை/அரை, பொறுத்து/பொருத்து போல உங்களுக்கு அடிக்கடி இடறும் இணைகளைக் குறித்துவைத்து, கணினியில் Ctrl+F அழுத்தி ஒவ்வொன்றாகத் தேடலாம்.

4. திருத்திய வடிவம்

"வணக்கம். நேற்று நீங்கள் கூறிய விலை எங்களுக்குச் சம்மதம். பட்டியலை நாளை அனுப்பிவிடுகிறேன். அதன்பின் உங்களை அழைக்கிறேன். பழைய ஒப்பந்தத்தின் நகலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவும். கூட்டத்துக்கு வருகிறீர்களா என்று சொல்லுங்கள்."

"அதன்பின்" நான் சேர்த்தது. "நாளை" இடம் மாறியதும் அங்கே ஒரு வெற்றிடம் விழுந்தது.