பிட்ச் இறக்கினால் போதுமா? பேட்டியில் குரலை மறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகத்தை மங்கலாக்கி, குரலின் பிட்சைக் கொஞ்சம் இறக்கி, கீழே 'குரல் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பல எடிட்டிங் அறைகளில் இருக்கிறது. பார்க்கிற லட்சம் பேரில் பேசுவது யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த லட்சம் பேர் அவரைத் தேடவில்லை. தேடுவது அவருடைய மேலாளரும், அவரோடு மதியம் சாப்பிடுகிற நாலு பேரும்தான். முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. குரலை யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று கேட்காமலே மறைக்கிறோம்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனி. அங்கே செக்கிங் பிரிவில் இருக்கும் பெண் ஒருவர், ஓவர்டைம் பணத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பேச முன்வருகிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கொரட்டூரில் தெரிந்தவர் வீட்டில் வைத்துப் பதிவு செய்கிறார்கள். மேலே ஃபேன் ஓடுகிறது, பழைய டியூப்லைட் எரிகிறது, நடுவில் ஒரே ஒரு மைக். ரிப்போர்ட்டர் கேள்வி கேட்கிறார், அந்தப் பெண் பதில் சொல்கிறார். எடிட்டர் மொத்த ட்ராக்கையும் செலக்ட் செய்து பிட்சை நாலு செமிடோன், அதாவது ஹார்மோனியத்தில் கறுப்பு வெள்ளை சேர்த்து நாலு கட்டை, இறக்குகிறார்.

இங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். குரல் நாண்கள் ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதுதான் பிட்ச். அந்தப் பெண்ணுக்கு அது சராசரியாக 210 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நாலு செமிடோன் இறக்குவது என்றால் 0.794 ஆல் பெருக்குவது. 210 என்பது 167 ஆகிவிடும். ஃபார்மன்ட் என்பது வேறு. குரல் நாணுக்கு மேலே தொண்டையும் வாயும் சேர்ந்து ஒரு குழாய் போல இருக்கின்றன. அந்தக் குழாய் சில அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும், அவைதான் ஃபார்மன்ட்கள். 'ஆ'வையும் 'ஈ'யையும் நாம் பிரித்துக் கேட்பது அதனால்தான். குழாய் நீளமானால் ஃபார்மன்ட் இறங்கும், அந்த நீளம் ஆளுக்கு ஆள் மாறும். வளர்ந்த ஆணுக்கு 17 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், பெண்ணுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவு. ஃபார்மன்டைத் தொடாமல் பிட்சை மட்டும் இறக்குகிற கருவிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால், தொண்டை கட்டிய நாளில் அதே பெண் பேசுவது போல இருக்கும். ஜலதோஷம் பிடித்தால் தெரிந்தவர் குரல் தெரியாமலா போகிறது?

சாதாரண பிட்ச் எஃபெக்ட் ஃபார்மன்டையும் சேர்த்தே இறக்கிவிடும். நம் உதாரணத்தில் 14.5 சென்டிமீட்டர் குழாய் 18 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற குழாய் போலக் கேட்கும். அதனால்தான் பருமனான ஆண் குரல் மாதிரி ஆகிறது. கேட்கிற எடிட்டருக்குத் திருப்தி. ஆனால் எல்லாமே ஒரே எண்ணால் பெருக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு உயிரெழுத்தின் ஃபார்மன்ட்களுக்கு இடையே இருந்த விகிதம் அப்படியே இருக்கிறது. அவர் வாக்கியத்தை எங்கே ஏற்றி எங்கே இறக்குகிறார் என்ற ராகமும் அப்படியே இருக்கிறது. பெருக்கியதை வகுத்தால் பழைய குரல் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பி வந்துவிடும்.

எந்த எண்ணால் வகுப்பது என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தாலே போதும், பத்து நிமிட வேலை. ஆனால் மொத்த ட்ராக்கையும் மாற்றியிருந்தால் விடையை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட்டின் சோக் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் மெல்ல ரீங்கரிக்கும். பிட்சை இறக்கும்போது அந்த ரீங்காரமும் சேர்ந்து இறங்கி 79.4 ஹெர்ட்ஸில் போய் நிற்கும். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பேச்சு இல்லாத இடைவெளிகளில் அது நேர்கோடாகத் தெரியும். 100-ஐ 79.4 ஆல் வகுத்தால் 1.26, அதாவது சரியாக நாலு செமிடோன். குத்துமதிப்பே தேவையில்லை.

ரீங்காரம் இல்லாவிட்டாலும் ரிப்போர்ட்டர் இருக்கிறார். ஒரே மைக் என்பதால் அவர் குரலும் இறங்கியிருக்கிறது. அவருடைய நிஜக் குரல் சேனலில் நூறு வீடியோவில் கிடக்கிறது. அவர் குரல் இயல்பாகக் கேட்கிற வரை ஏற்றினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் குரலும் இயல்பாகிவிடும். வெளியே போன மின்சார ரயிலின் ஹாரன், யாரோ ஒருவருடைய போனின் பிரபலமான ரிங்டோன் எல்லாமே இதே வேலையைச் செய்யும். என்னைக் கேட்டால், குரல் மாற்றிய வீடியோவில் ரிப்போர்ட்டரும் அதே கட்டைக் குரலில் பேசினால், அந்த எடிட்டர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

பின்னால் திருப்பவே வேண்டாம், முன்னால் போனாலும் போதும். மேலாளருக்குச் சந்தேகம் ஆறு பேர் மீது. ஆறு பேருடைய வாய்ஸ் நோட்டும் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் அதே நாலு செமிடோன் இறக்கி, ஒளிபரப்பானதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் யார் என்று தெரிந்துவிடும். குரலை மறைக்கும் முறைகளைச் சோதிக்க 2020-இல் தொடங்கிய வாய்ஸ் பிரைவசி சேலஞ்ச் என்ற ஆய்வுப் போட்டியில் இதையே கணினியை வைத்துச் செய்கிறார்கள். மாற்றிய குரலை மாற்றாத குரலோடு ஒப்பிட்டால் கருவி தடுமாறும். தெரிந்த குரல்களையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டால் கண்டுபிடிப்பது பல மடங்கு எளிதாகிவிடுகிறது. முறை ரகசியமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யும் மறைப்புக்கு ஆயுள் குறைவு.

அப்புறம் பேச்சு. இதை எந்த எஃபெக்டும் தொடுவதில்லை. அந்தப் பெண் 'சொல்றாரு' என்பதற்கு 'சொல்லுதாரு' என்கிறார், நாலு வாக்கியத்துக்கு ஒரு முறை 'பாத்துக்கிடுங்க' போடுகிறார். சென்னைக்கு வந்து பல வருஷம் ஆனதால் நடுவில் 'செம கடுப்பு' என்றும் வருகிறது. கோபம் வந்தால் வேகம் கூடுகிறது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறார், பேச ஆரம்பிக்குமுன் நாக்கால் ஒரு முறை 'ச்' என்கிறார். திருநெல்வேலியில் பேட்டி எடுத்திருந்தால் இந்தப் பேச்சு ஒன்றும் சொல்லியிருக்காது. அம்பத்தூரில், முப்பது பேர் வேலை பார்க்கும் ஒரு செக்கிங் பிரிவில், நெல்லைப் பேச்சு பேசும் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருவரோ இருவரோ. அங்கே பிட்ச் எத்தனை ஹெர்ட்ஸில் இருந்தாலும் ஒன்றுதான். சிரிப்பு இன்னும் மோசம். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

அதனால்தான் 'ஆபீஸில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினோம், யாருக்கும் தெரியவில்லை' என்ற சோதனையால் பயனில்லை. ஆபீஸில் இருப்பவர்களுக்கு அந்தப் பெண்ணை முன்பும் தெரியாது. பேட்டி கொடுத்தவர் சம்மதித்தால், அவர் நம்புகிற தோழியிடமோ அக்காவிடமோ போட்டுக் காட்ட வேண்டும். அதுவும் 'இது அவள் குரல் மாதிரி இருக்கிறதா' என்று கேட்கக் கூடாது. அதே வயதில், அதே வட்டாரப் பேச்சில், அதே எஃபெக்ட் போட்ட வேறு நாலு பெண்களின் குரல்களோடு கலந்து, இதில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்க வேண்டும். சட்டென்று சரியாகச் சொல்லிவிட்டால் அந்த ஆடியோவை வெளியிட முடியாது. பிறகு நாமே எதிராளியாக உட்கார்ந்து, மாற்றிய கோப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

சரி, என்னதான் செய்வது? ஆபத்து நிஜமானது என்றால் அவர் குரலையே பயன்படுத்தாதீர்கள். சொன்னதை எழுதி எடுத்து வேறொருவரை வாசிக்க வைப்பதுதான் இருப்பதில் உறுதியான வழி. கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் டப்பிங் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. டப்பிங் கலைஞர்கள் ஹெட்போனில் மூலக் குரலைக் கேட்டு அதே ஏற்ற இறக்கத்தில் பேசிப் பழகியவர்கள். இங்கே மூல ஆடியோவைக் கொடுத்தால் அவர் ராகத்தை அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள். எழுத்தை மட்டும் கொடுங்கள். 'பாத்துக்கிடுங்க' போன்றவற்றை எழுதும்போதே பொதுப் பேச்சுக்கு மாற்றிவிடுங்கள். 'போன தீபாவளி போனஸ் அன்னைக்கு நான்தான் கேட்டேன்' என்பது மாதிரி வரிகளை எடுத்துவிடுங்கள். வாசிப்பவர் வேறொருவர் என்று திரையில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் குரல் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் பேசுகிறார் என்றால் இது சட்டப் பிரச்சினையும்கூட. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு பெயரோடு நிற்கவில்லை, அடையாளத்தை வெளிப்படுத்தக்கூடிய எதை வெளியிடுவதையும் தடுக்கிறது.

ஆபத்து குறைவு, அவர் குரலின் உணர்ச்சி வேண்டும் என்றால், பதிவின்போதே வேலையை ஆரம்பிக்க வேண்டும். ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்து, அவருக்குத் தனி மைக் வைத்து, கேள்விகளைத் திரையில் எழுத்தாகப் போடலாம். பிட்சையும் ஃபார்மன்டையும் வெவ்வேறு அளவில் மாற்ற, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் Praat மென்பொருளில் ஆடியோவைத் திறந்து செலக்ட் செய்தபின் ஒரே கட்டளை போதும்:

```
Change gender: 75, 600, 0.88, 150, 0.4, 1.08
```

முதல் இரண்டு எண்களும் பிட்சைத் தேட வேண்டிய எல்லைகள். 0.88 ஃபார்மன்டின் அளவு. 150 புதிய நடுப் பிட்ச். 0.4 என்பது குரலின் ஏற்ற இறக்கத்தை அரைவாசிக்கும் குறைவாகச் சுருக்குகிறது, ராகம் தட்டையாவது இதனால்தான். 1.08 பேச்சை எட்டு சதவீதம் மெதுவாக்குகிறது. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பேட்டிக்குப் பேட்டி மாற்றுங்கள். ஏற்ற இறக்கத்தை 0 ஆக்கினால் ரோபோ பேசுவது போல இருக்கும், அழுகிற இடம்கூட அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். ஃபார்மன்டை ரொம்பக் கீழே கொண்டுபோனால் சொற்கள் புரியாமல் போகலாம். இத்தனை செய்தாலும் இது தேடுகிறவரின் வேலையைக் கடினமாக்கும், அவ்வளவுதான். வட்டார வழக்கும் சொல் தேர்வும் உள்ளே இருக்கின்றன, அவற்றைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும்.

வெளியிடுமுன் மாற்றிய பகுதியை அந்தப் பெண்ணுக்கே போட்டுக் காட்டி, எந்தச் சொல்லைக் கேட்டால் யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேளுங்கள். எடிட்டருக்குத் தெரியாத பத்து விஷயங்கள் அவருக்குத் தெரியும். மாற்றாத ஆடியோ எங்கெல்லாம் இருக்கிறது என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் பதிவு செய்த போனில் ஒன்று, அதன் கிளவுட் பேக்கப்பில் ஒன்று, 'எழுதி எடுக்கக் கொடு' என்று அனுப்பிய வாட்ஸ்அப் குரூப்பில் ஒன்று, எடிட்டிங் சிஸ்டத்தின் புராஜெக்ட் ஃபோல்டரில் ஒன்று கிடக்கும்.