பல வரி விகிதங்கள் உள்ள பில்லிலிருந்து விகிதவாரியாக வரியைப் பிரித்தெடுப்பது எப்படி?

மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்கு வரும் ஒரே பில்லில், வரியில்லாத உப்பும் 5 விழுக்காட்டு எண்ணெயும் 18 விழுக்காட்டுச் சலவைத் தூளும் சேர்ந்தே இருக்கும். அதைக் கணக்கில் ஏற்றுவதற்கு, ஒவ்வொரு விகிதத்திலும் வரிக்குரிய மதிப்பு எவ்வளவு, அதன்மேல் வரி எவ்வளவு என்று தனித்தனியே வேண்டும். பில்லின் அடியில் இருக்கும் வரிச் சுருக்கக் கட்டத்தை அப்படியே பார்த்து எழுதிக்கொள்வதுதான் பலரின் வழக்கம். ரிப்பன் தேய்ந்த பிரிண்டரில் அடித்த பில்லில் 3-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரியாது என்பதால், நான் அதை மட்டும் நம்புவதில்லை. மேலே உள்ள பொருள் வரிசைகளிலிருந்து நாமே ஒரு கணக்குப் போட்டு, அதை அடியில் உள்ள கட்டத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் வரும் வித்தியாசமே பிழை எங்கே என்று காட்டிவிடும்.

முதலில் பில்லின் தலைப்பகுதியைப் பாருங்கள். விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. விற்பவரின் மாநிலமும் பில்லில் குறித்துள்ள வழங்கல் இடமும் ஒன்றாக இருந்தால் வரி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரு சம பாதிகளாக வரும். வேறு வேறாக இருந்தால் ஐஜிஎஸ்டி என்று ஒரே தொகையாக வரும். புதிதாகக் கணக்கு எழுதுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். கட்டத்தில் 9% என்று அச்சாகியிருப்பது பாதி மட்டுமே, அந்தப் பொருளின் விகிதம் 18, அதேபோல் 2.5% என்றிருந்தால் விகிதம் 5.

அடுத்து, பொருள் வரிசைகளை ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். கீழே உள்ளது மாதிரிக்காக நான் அமைத்த பில்.

| பொருள் | தொகை (ரூ.) | தள்ளுபடி (ரூ.) | விகிதம் |
|---|---|---|---|
| உப்பு, 50 பாக்கெட் | 900.00 | 0 | 0 |
| கடலை எண்ணெய், 20 லிட்டர் | 3200.00 | 0 | 5 |
| குளியல் சோப்பு, 72 | 2340.00 | 46.80 | 5 |
| டீத்தூள், 24 பாக்கெட் | 2850.00 | 0 | 5 |
| சலவைத் தூள், 30 கிலோ | 2862.00 | 0 | 18 |
| பென்சில் செல், 100 | 825.00 | 0 | 18 |

விகிதத்தை நினைவிலிருந்து எழுதாமல், பில்லில் அச்சாகியிருப்பதைப் பார்த்தே எழுதுங்கள். குளியல் சோப்பு 2025 செப்டம்பர் 22 முதல்தான் 5 விழுக்காட்டுக்கு வந்தது. அதற்கு முந்தைய பில்லில் 18 என்றிருந்தால் அது தவறல்ல.

விரிதாளில் A முதல் D வரை மேற்கண்ட நான்கும் இருக்கட்டும். E-யில் வரிக்குரிய மதிப்பு, அதாவது தொகையில் தள்ளுபடி கழித்த மீதி வரும். பில்லிலேயே காட்டப்பட்ட தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் வரி கணக்கிடப்படுகிறது. முதல் வாய்ப்பாட்டை E2-இல் இட்டு E7 வரை இழுத்துவிட்டு, மற்ற இரண்டையும் தனியே இரண்டு காலிக் கட்டங்களில் இடுங்கள்.

```
=B2-C2
=SUMIFS(E2:E7,D2:D7,5)
=ROUND(SUMIFS(E2:E7,D2:D7,5)*2.5/100,2)
```

இரண்டாவது வாய்ப்பாடு 5 விழுக்காட்டுப் பொருள்களின் வரிக்குரிய மதிப்பையும், மூன்றாவது அதற்கான சிஜிஎஸ்டியையும் தரும். எஸ்ஜிஎஸ்டியும் அதே தொகைதான். 18-க்கு, 5 என்ற இடத்தில் 18-ஐயும் 2.5 என்ற இடத்தில் 9-ஐயும் இடுங்கள். D-யில் 5 என்று வெறும் எண்ணாகவே எழுத வேண்டும். 5% என்று எழுதினால் விரிதாள் அதை 0.05 என்று வைத்துக்கொள்ளும், கூட்டல் பூஜ்யமாகவே நிற்கும்.

இந்தப் பில்லில் 5 விழுக்காட்டில் வரிக்குரிய மதிப்பு 8,343.20 ரூபாய்; சிஜிஎஸ்டி 208.58, எஸ்ஜிஎஸ்டி 208.58. 18 விழுக்காட்டில் மதிப்பு 3,687.00, இரு வரிகளும் தலா 331.83. வரியில்லாதது 900.00.

இப்போது அடிக்கட்டத்தோடு ஒப்பிடுங்கள். 18 விழுக்காட்டு மதிப்பு மங்கிப்போய் 3,637 என்பதுபோல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 9 விழுக்காடு 327.33, பக்கத்தில் அச்சாகியிருக்கும் வரியோ 331.83. அச்சான வரியை 0.09 ஆல் வகுத்தால் 3,687 வருகிறது, நம் கூட்டலும் அதையே சொல்கிறது. ஆகவே மங்கிய இலக்கம் 8 என்று உறுதியாகிறது.

இன்னொரு பிழை, தள்ளுபடிப் பத்தியைக் கவனிக்காமல் விடுவது. அப்போது 5 விழுக்காட்டு மதிப்பு 8,390 ஆகிவிடும், சிஜிஎஸ்டி 209.75 வரும், அச்சானதைவிட 1.17 கூடுதலாக இருக்கும். இந்த 1.17-ஐ 0.025 ஆல் வகுத்துப் பாருங்கள்: 46.80. சோப்புக்குக் கொடுத்த தள்ளுபடி அதேதான். வரியில் வரும் வித்தியாசத்தை அந்த வரியின் விகிதத்தால் வகுத்தால், விட்டுப்போன தொகை கிடைக்கும். அதே தொகையைப் பில்லில் தேடினால் பெரும்பாலும் ஒரு தள்ளுபடியாகவோ, வண்டி வாடகையாகவோ, ஏற்றாமல் விட்ட ஒரு பொருளாகவோ கண்ணில் படும். வித்தியாசம் ஓரிரு பைசா மட்டுமே என்றால் தேட வேண்டாம். சில மென்பொருள்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வரியை முழுப் பைசாவாக்கிப் பிறகு கூட்டுவதால் வருவது அது. அப்போது அச்சான தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தங்களைச் சரிபார்க்கும்போது, அடிக்கட்டத்தின் கூட்டுத்தொகை 12,030.20 என்றும் பில்லின் உடலில் 12,930.20 என்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். பல பில்களில் வரியில்லாத பொருள்கள் சுருக்கக் கட்டத்தில் இடம்பெறுவதில்லை. இடையில் உள்ள 900 உப்பின் விலை. பில் இரண்டு பக்கம் போனால், முதல் பக்கத்தின் கூட்டுத்தொகை இரண்டாம் பக்கத்தின் தலையில் மீண்டும் வரும். அதை ஒரு பொருளாக நினைத்து ஏற்றிவிடாதீர்கள்.

கடைசிச் சோதனை இது: 12,930.20 மதிப்போடு 1,080.82 வரியைக் கூட்டினால் 14,011.02. பில்லின் இறுதித் தொகை 14,011.00, ரவுண்ட் ஆஃப் 0.02 கழிவு. இந்தக் கழிவைத் தனி வரிசையில் எழுதுங்கள். அதை வரியிலோ மதிப்பிலோ கலந்துவிட்டால் விகிதக் கணக்கு உடைந்துவிடும்.

சில்லறைக் கடைப் பில்களில் விலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கும். அங்கே 118 ரூபாய்ப் பொருளுக்கு 18 விழுக்காடு என்று நேரே பெருக்கினால் 21.24 என்ற தவறான விடை வரும். தொகையை 100 ஆல் பெருக்கி 118 ஆல் வகுத்தால் மதிப்பு 100, மீதமுள்ள 18 ரூபாய் வரி. 5 விழுக்காட்டுப் பொருளுக்கு 105 ஆல் வகுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தொகை பொருந்தவில்லை, அச்சும் தெளிவாகத்தான் இருக்கிறது என்றால், பிழை பில்லிலேயே இருக்கிறது. அதை நாமாகத் திருத்தி எழுதக் கூடாது. விற்பவர் தம் கணக்கில் காட்டும் தொகைதான் நமக்கு வரி வரவாகத் தெரியும் என்பதால், எந்த விகிதத்தில் எத்தனை ரூபாய் வேறுபடுகிறது என்பதைக் குறித்து அனுப்பி, அவரிடமிருந்தே திருத்தம் வாங்க வேண்டும்.