சாம்பல் பேன்ட், பிரவுன் ஷூ, நடுவில் எந்த சாக்ஸ்?

அண்ணன் மகள் நிச்சயதார்த்தப் போட்டோவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாம்பல் பேன்ட், பிரவுன் ஷூ, நடுவே கறுப்பு சாக்ஸ். காலைக் குறுக்கே வெட்டியது போல ஒரு பட்டை. அதற்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வேறு.

முதலில் ஷூவுக்குப் பொருத்தமாக பிரவுன் சாக்ஸ் வாங்கினேன். உட்கார்ந்தால் பூட்ஸ் போட்டது போல இருந்தது. பேன்ட் பாதியிலேயே முடிந்து, கால் குட்டையாகத் தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது, சாக்ஸ் சேர வேண்டியது பேன்ட்டோடு.

அடுத்த முறை பேன்ட்டையே கடைக்கு எடுத்துப்போனேன். டியூப்லைட்டில் அடர் சாம்பலும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் பேன்ட்டின் கீழ் மடிப்பில் சாக்ஸை வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக அதே சாம்பல் கிடைக்கவில்லை. ஒரு ஷேடு அடர்ந்ததை எடுத்தேன்; பேன்ட் விளிம்பின் நிழலோடு அது கலந்துவிடுகிறது. வெளிறியதாக இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும்.

நீளத்தையும் மாற்றினேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் சாக்ஸ், கெண்டைக்கால் சதைக்கு மேலே பிடித்துக்கொள்வதால் சரிவதில்லை. இப்போது உட்கார்ந்தாலும் இடுப்பிலிருந்து ஷூ வரை ஒரே சாம்பல் கோடு. பிரவுன் ஷூ மட்டும் தனியாக எடுப்பாகத் தெரிகிறது.