வேலையை ஏற்று, சேரும் நாளையும் ஆவணங்களையும் கேட்டு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

மதுரையில் ஓர் அச்சகத்தில் இருப்பவருக்குச் சென்னைப் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநர் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் லெட்டரில் ஜூன் 1 சேரும் நாள். இப்போதைய வேலையிலோ நோட்டீஸ் காலம் 30 நாள்.

1. காலண்டரை எடுங்கள்

மே 12 அன்று ராஜினாமா கொடுத்தால், மறுநாளிலிருந்து எண்ணி ஜூன் 11 வியாழக்கிழமை கடைசி நாள். ஊர் மாற மூன்று நாள் விட்டால் ஜூன் 15, திங்கள். "கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா" என்று மொட்டையாகக் கேட்டால் எத்தனை நாள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். தேதியை நீங்களே சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தில் சந்தேகம் இருந்தால் அதை முன்பே பேசி முடியுங்கள். ஏற்புக் கடிதத்தில் அதைக் கிளப்பினால், ஏற்றுக்கொண்டீர்களா இல்லையா என்றே தெரியாது.

2. அதே மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள்

புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டாம். ஆஃபர் வந்த மின்னஞ்சலிலேயே, அதில் இருக்கும் எல்லோருக்கும் போகும்படி அனுப்புங்கள். கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டரை பிடிஎஃப் ஆக இணையுங்கள்.

3. எழுதுங்கள்

> மதிப்பிற்குரிய அம்மா,
>
> மெய்ப்புத் திருத்துநர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. கடிதத்தில் உள்ள சம்பளத்தையும் விதிமுறைகளையும் ஏற்று இப்பணியில் சேரச் சம்மதிக்கிறேன். கையெழுத்திட்ட பிரதியை இணைத்துள்ளேன்.
>
> தற்போதைய பணியில் எனக்கு 30 நாள் நோட்டீஸ் காலம் உள்ளது. மே 12 அன்று ராஜினாமா கொடுத்தால் ஜூன் 11 அன்று விடுவிக்கப்படுவேன். எனவே ஜூன் 1-க்குப் பதிலாக ஜூன் 15, திங்கட்கிழமை சேரலாமா? மே 11-க்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.
>
> சேரும் நாளில் கொண்டுவர வேண்டிய ஆவணங்களின் பட்டியலையும், எவற்றுக்கு அசல் தேவை என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். ரிலீவிங் லெட்டர் ஜூன் 11 அன்றுதான் கிடைக்கும்.
>
> நன்றியுடன்,
> (பெயர், கைபேசி எண்)

"சம்மதிக்கிறேன்" முதல் பத்தியிலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். தேதிக் கேள்வி அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் நிபந்தனை போடுவதுபோல் ஆகிவிடும்.

4. ஆவணங்கள்

பெரும்பாலும் கேட்பவை: ஆதார், பான் அட்டை, கல்விச் சான்றிதழ்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், ரிலீவிங் லெட்டர், வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம். முன்பே பி.எஃப். இருந்தால் 12 இலக்க யுஏஎன் எண்ணும். கேட்பதற்கு முன் ஆதார் நகலை அனுப்பிவைக்க வேண்டாம். அசல் என்றால் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் என்றால் நான் தயங்குவேன்.

5. பதில் வராவிட்டால்

இரண்டு வேலை நாள் பாருங்கள். அப்புறம் போன் செய்யலாம். "பதினைந்தாம் தேதியே வாங்க" என்று போனில் சொன்னால், "அப்படியே மெயிலிலும் ஒரு வரி போட்டுடுங்க மேடம்" என்று கேளுங்கள். அந்த வரி வந்த பிறகு ராஜினாமாவைக் கொடுங்கள்.