உதவித்தொகை வரவில்லை: இரண்டாவது கடிதத்தில்தான் தீர்ந்தது

ஊட்டியில் கல்லூரி, வீடு கோத்தகிரி. கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் உதவித்தொகை வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை.

முதல் கடிதத்தில் "தொகை வரவில்லை, ஆவன செய்யவும்" என்று மட்டும் எழுதியிருந்தேன். அலுவலக அக்கா கணினியைப் பார்த்துவிட்டு, "உன் விண்ணப்பம் எப்பவோ ஒப்புதல் ஆயிடுச்சும்மா" என்றார். பேருந்து பிடித்து வங்கிக்குப் போனேன். "ஆதார் இணைச்சாச்சு" என்றார்கள். கணக்கு எண்ணும் சரிதான்.

பலரும் கவனிக்காத இடம் இதுதான். ஆதார்வழி வரும் பணம், விண்ணப்பத்தில் நாம் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்து வராது. வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் நம் ஆதாருக்கு நேரே எந்த வங்கி இருக்கிறதோ, அங்கேதான் போகும். வங்கியில் அடையாளத்துக்காக ஆதார் கொடுப்பது வேறு, இந்தப் பட்டியலில் ஏற்றுவது வேறு.

myAadhaar தளத்தில் Bank Seeding Status பார்த்தேன். முன்பு சிம் வாங்கியபோது திறந்த கணக்கின் வங்கி பெயர் இருந்தது, பக்கத்தில் Inactive. என் வங்கியில் அரசு மானியத்துக்கான ஆதார் ஒப்புதல் படிவம் தனியாகக் கொடுத்தேன். சில நாளில் Active ஆனது.

அப்புறம் இரண்டாவது கடிதம்:

"ஐயா, என் விண்ணப்ப எண் …. ஆதார் இணைப்பு செயலில் இல்லாததால் தொகை வரவு வைக்கப்படவில்லை எனக் கருதுகிறேன். தற்போது சரிசெய்துவிட்டேன், நகல் இணைத்துள்ளேன். தொகையை மீண்டும் அனுப்பத் துறைக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்."

நகலில் ஆதாரின் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி விட்டேன். அடுத்த பட்டியலில் பணம் வந்துவிட்டது. விடுதிக் கட்டணம் கட்டியாயிற்று, நிம்மதி.