மாடியில் மோர் மிளகாய்: காம்படியில் பூஞ்சணம் வராமல் காயவைப்பது

போன சித்திரையில் போட்ட மோர் மிளகாயை ஆடியில் எடுத்துப் பார்த்தால், காம்படியில் வெள்ளையாகப் பூஞ்சணம். ஒரு கிலோவும் குப்பைக்குப் போனது. இந்த வருஷம் திரும்பப் போட்டேன், தப்பித்தது.

ஒரு கிலோ பச்சை மிளகாயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பில் பாதியை மட்டும் வெட்டி, நுனிப்பக்கம் கீறிக்கொள்ளுங்கள். அரை லிட்டர் புளித்த தயிரைக் கடைந்து 100 கிராம் கல்லுப்புப் போட்டு அதில் இரண்டு நாள் ஊறட்டும். அப்புறம் பகலில் வடித்து வெயிலில், சாயங்காலம் திரும்ப அதே மோரில். மோர் வற்றியதும் வெறும் வெயில்தான்.

பிளாஸ்டிக் விரிப்பு வேண்டவே வேண்டாம், அடியில் வேர்த்துவிடும். கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரிப்பதுதான் என் கட்சி, கீழேயும் காற்று போகும். எங்கள் காரைக்குடிப் பக்கம் மத்தியானக் காற்றில் செம்மண் புழுதி பறக்கும், அதனால் கட்டிலின் நாலு காலிலும் குச்சி கட்டி, ஒரு சாண் உயரத்தில் மெல்லிய கொசுவலையை இழுத்துக் கட்டிவிட்டேன். வலை மிளகாயில் பட்டால் மோர்ப் பசையில் ஒட்டி, புழுதியும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். காரத்துக்குப் பறவை வராது என்று நினைக்காதீர்கள், அவற்றுக்குக் காரம் உறைக்காது. வலை ஓரத்தைச் செங்கல் வைத்து அழுத்துங்கள்.

நான் கோட்டை விட்டது சாயங்காலத்தில். இருட்டும்வரை மாடியிலேயே விட்டேன், உப்பு ஏறிய மிளகாய் இரவு ஈரத்தை அப்படியே குடித்துவிட்டது. இன்னொரு நாள் சூட்டோடு அள்ளிப் பானையில் போட்டு மூடினேன், உள்ளே வேர்த்தது. இப்போது நாலரைக்கே இறக்கி, வீட்டுக்குள் முறத்தில் பரப்பி, ஒரு மணி நேரம் ஆறியபிறகுதான் மூடுகிறேன்.

காய்ந்ததா என்று தோலைத் தொட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தோல் மொறுமொறு என்று இருக்கும், காம்படியில் சதை கனம் என்பதால் அங்கே மட்டும் ஈரம் தங்கியிருக்கும். எங்கள் அப்பத்தா குலுக்கி விதைச் சத்தம் கேட்பார், காம்பை ஒடித்தால் டக்கென்று முறியவேண்டும் என்பார். நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன்: ஆறிய மிளகாயில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வைக்கிறேன். ஐந்தாம் நாள் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாக நீர் பூத்தது, எல்லாவற்றையும் திரும்ப மாடிக்கு ஏற்றினேன். ஏழாம் நாள்தான் கண்ணாடி தெளிவாக இருந்தது.

பின்சேர்ப்பு: திடீரென்று கோடை மழை வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மோர் மீதி இருந்தால் அதிலேயே இன்னொரு நாள் கிடக்கட்டும், உப்பு இருப்பதால் கெடாது. மோர் வற்றிவிட்டிருந்தால் குவிக்காமல் ஒற்றை வரிசையாகப் பரப்பி ராத்திரி முழுக்க மின்விசிறி ஓடட்டும், வெயில் வந்ததும் மாடிக்கு.